கண் முகாமுக்கு ஆள் சேர்க்கும் அழைப்பை எப்படி எழுதுவது?

கேள்வி: பிப்ரவரி 22 ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். மருத்துவமனை தேதி கொடுத்துவிட்டது. தன்னார்வலர்களை ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைத்து, யார் எப்போது வர முடியும், யாருக்கு எந்த வேலை பிடிக்கும் என்று கேட்க வேண்டும். போன தடவை வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டதற்கு எல்லோரும் கட்டை விரலைக் காட்டினார்கள், கூட்டத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். இந்தத் தடவை எப்படி எழுதுவது?

பதில்:

போன தடவை என்ன எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. "முகாம் சிறக்க அனைவரும் ஒத்துழைப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறோம்." இதற்குக் கட்டை விரலைத் தவிர வேறு என்ன பதில் போட முடியும்? எத்தனை மணிக்கு, எங்கே, எதைச் செய்ய என்று அதில் எதுவும் இல்லையே. ஆகவே அழைப்பை எழுத உட்காரும் முன், முகாமை வேலை வேலையாகவும் நேரம் நேரமாகவும் பிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் காகிதம் கையில் இருந்தால் அழைப்பு எழுதக் கால் மணி நேரம் போதும்.

கண் முகாமில் இந்தப் பிரிப்பு சுலபம், ஏனென்றால் வேலை ஏற்கெனவே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. 1976-இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை வளர்த்தெடுத்த முறையைத்தான் இன்று பல முகாம்களில் பார்க்கிறோம். டாக்டர்கள், உதவியாளர்கள், கருவிகள் எல்லாம் மருத்துவமனையிலிருந்து வரும். இடம், விளம்பரம், கூட்டத்தை நகர்த்துவது, சாப்பாடு ஆகியவை உள்ளூர்க்காரர் பொறுப்பு. அறுவை சிகிச்சை முகாமில் நடக்காது. கண்புரை என்று தேர்வானவர்களை அன்றே பஸ்ஸில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஆபரேஷன் முடித்து இரண்டு மூன்று நாளில் திருப்பி அனுப்புவார்கள். மருத்துவம் சார்ந்த எதிலும் உங்கள் ஆட்கள் கை வைக்கப் போவதில்லை. கண்ணில் மருந்து விடுவதுகூட மருத்துவமனைக்காரர்கள் வேலைதான். இதைக் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள், ஆர்வக் கோளாறில் சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் எடுப்பவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார்.

அடுத்தது, எத்தனை கை வேண்டும் என்ற கணக்கு. 300 பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் பெயர், வயது, தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், போன் நம்பர், ஏற்கெனவே ஆபரேஷன் ஆனதா என்பதையெல்லாம் கேட்டு எழுத இரண்டு நிமிடம் ஆகும். காது மந்தமான பெரியவர் என்றால் இன்னும் கூடும். 300 பேருக்கு 600 நிமிடம். ஆனால் கூட்டம் நாள் முழுக்கப் பரவலாக வராது. வெயிலுக்கு முன்பே வந்துவிடுவார்கள், முக்கால்வாசிப் பேர் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் வாசலில் நிற்பார்கள். அந்த இரண்டு மணி நேரத்தைச் சமாளிக்க எழுதுபவர்கள் ஐந்து பேர் வேண்டும், மாற்றி விட இன்னொருவர். அதாவது பதிவு மேசைக்கு ஆறு பேர். பதினொரு மணிக்கு மேல் அங்கே இரண்டு பேர் போதும்.

அதற்குப் பிறகு நடப்பது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத வேலை. பதிவு முடிந்தவர் 6 மீட்டர் தள்ளி நின்று எழுத்துப் பலகையைப் படிக்க வேண்டும், பிறகு முதல் டாக்டர், பிறகு கண் அழுத்தம், இரத்த அழுத்தம், சர்க்கரை, பிறகு கண்ணாடிக்கான சோதனை, கடைசியில் பெரிய டாக்டர். மருத்துவமனைக்கு மருத்துவமனை வரிசை கொஞ்சம் மாறும். நடுவில் பலருக்குக் கண்பாப்பா விரிய மருந்து விடுவார்கள். விட்டபின் அரை மணி நேரம் போல உட்கார வைக்க வேண்டும், பிறகு வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். எழுபது வயது அம்மாவுக்கு ஏற்கெனவே புரை, அதோடு இந்தக் கூச்சமும் சேர்ந்தால் பள்ளிக்கூட வராண்டாவின் ஒரு படிகூட ஆபத்து. அவரைக் கைத்தாங்கலாக அடுத்த அறைக்குக் கூட்டிப்போகவே எட்டுப் பேர் வேண்டும். வரிசைக்கும் டோக்கனுக்கும் நான்கு பேர், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் நான்கு பேர், ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களைப் பஸ் ஏற்றிவிட மூன்று பேர். ஆக முகாம் நாளுக்கு 25 பேர்.

முகாம் நாளோடு முடிவதில்லை. அதற்குப் பத்து நாள் முன்னதாகவே பக்கத்துக் கிராமங்களுக்குத் தகவல் போக வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பெஞ்சு இழுத்துப் போட்டு, 6 மீட்டர் அளந்து கோடு போட்டு, டாக்டர் கண்ணுக்குள் பார்க்க ஓர் அறையைத் துணி கட்டி இருட்டாக்க வேண்டும். ஆபரேஷன் முடிந்தவர்கள் திரும்பி வரும் நாள் ஒன்று இருக்கிறது. அது வாரநாளில் வரும், எல்லா முகாமிலும் கோட்டை விடுவது அதைத்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இருபது பெரியவர்கள் இறங்குவார்கள். மகன் வேலைக்குப் போயிருப்பான், மருமகளுக்குப் போன் போயிருக்காது. மினி பஸ் போகாத குக்கிராமத்துக்காரர் பையோடு நிழற்குடையில் உட்கார்ந்திருப்பார். எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்று மருத்துவமனை முகாம் ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு அழைப்பில் அதையும் ஒரு வேலையாகப் போடுங்கள்.

இனி அழைப்பு. ஆலோசனைக் கூட்டத்தை ஜனவரி 25 ஞாயிறு மாலைக்கு வைக்கச் சொல்வேன். முகாமுக்கு நாலு வாரம் இருக்கும். அதைவிட முன்னதாக வைத்தால் பொங்கல் விடுமுறையில் யாரும் இருக்க மாட்டார்கள், தள்ளிப்போட்டால் விளம்பரத்துக்கு நாள் போதாது. தேதியை உறுதி செய்யும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். தை மாதம் முகூர்த்தம் நிறைந்தது, உங்கள் பக்கம் பழனிப் பாதயாத்திரை போகும் வழக்கம் இருந்தால் தைப்பூசத்தை ஒட்டிப் பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். முகாம் நாளுக்கும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். "எந்த நாள் எல்லோருக்கும் வசதி?" என்று குழுவில் கேட்காதீர்கள். நாற்பது பேர் இருக்கும் குழுவில் அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. நாளை நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.

செய்தி இப்படி இருக்கலாம்:

வணக்கம் (பெயர்) அண்ணன்,

பிப்ரவரி 22 ஞாயிறு நம் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. 300 பேர் வருவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களைக் கவனிக்க 25 பேர் வேண்டும். யாருக்கு எந்த வேலை என்று முடிவு செய்ய ஜனவரி 25 ஞாயிறு மாலை 5 மணிக்கு நூலகக் கட்டடத்தில் கூடுகிறோம். 6 மணிக்கு முடித்துவிடுவோம்.

கூட்டத்துக்கு வர முடிந்தாலும் முடியாவிட்டாலும், கீழே உள்ளதற்கு ஜனவரி 22 வியாழன் இரவுக்குள் எனக்குத் தனியாகப் பதில் போடுங்கள். எழுத்தும் எண்ணும் மட்டும் போதும்.

உங்களால் முடிகிற நேரம் (எத்தனை வேண்டுமானாலும்):
அ – பிப்ரவரி 12 முதல் 20 வரை ஏதாவது இரண்டு நாள், காலை 6–8 அல்லது மாலை 6–8
ஆ – 21 சனி மாலை 4–7
இ – 22 ஞாயிறு காலை 7–11
ஈ – 22 ஞாயிறு காலை 10 – பிற்பகல் 3
உ – 25 புதன் மாலை 5–8 (ஆபரேஷன் முடிந்து திரும்புபவர்களை வீடு சேர்க்க)

பிடித்த வேலை (முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம்):
1 – பதிவு மேசையில் எழுதுவது
2 – வரிசை, டோக்கன்
3 – பெரியவர்களைக் கைபிடித்து அறைக்கு அறை கூட்டிப்போவது
4 – சாப்பாடு, தண்ணீர்
5 – ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் குடும்பத்துக்குப் போன் செய்து, பஸ் ஏற்றிவிடுவது
6 – கிராமங்களுக்குத் தகவல் சொல்வது
7 – பெஞ்சு, பந்தல், அறை தயார் செய்வது

எந்த வேலையாவது வேண்டாம் என்றால் அதன் எண்ணையும் சொல்லுங்கள். டூ வீலர் அல்லது கார் கொண்டுவர முடியுமா என்பதையும் சொல்லுங்கள். இந்தத் தடவை முடியாது என்றால் 'முடியாது' என்று போட்டால் போதும், நாங்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம்.

(உங்கள் பெயர், ஒரே ஒரு போன் நம்பர்)

இதில் சில விஷயங்கள் வேண்டுமென்றே செய்தவை. 'உங்களுக்கு ஞாயிறு ஓய்வா?' என்று கேட்கவில்லை. ஓய்வாக இருப்பவர் என்று யாரும் இல்லை. காலையில் கடை திறக்க வேண்டியவரும், மதியம் டியூஷன் எடுப்பவரும் நாலு மணி நேரம் ஒதுக்கத் தயாராக இருப்பார்கள், நாள் முழுக்க என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். காலைப் பகுதியும் பகல் பகுதியும் ஒரு மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று வருவதும் காரணத்தோடுதான். பத்து மணிக்கு வருபவர், பதினொரு மணிக்குப் போகிறவரிடம் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ள அந்த நேரம் வேண்டும்.

'கூட்டத்துக்கு வர முடியாவிட்டாலும் பதில் போடுங்கள்' என்ற வரி முக்கியம். கூட்டத்துக்கு வராதவர் முகாமுக்கும் வர மாட்டார் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வர முடியாத நர்ஸ் ஒருவர் பிப்ரவரி 22 காலை முழுக்க நிற்கக்கூடும்.

'வேண்டாம்' என்று சொல்ல ஓர் இடம் கொடுப்பதும் அப்படித்தான். முட்டிவலி உள்ளவர் வரிசையில் நிற்க முடியாது. கையெழுத்துக் கோணலாக இருப்பவருக்குப் பதிவு மேசையில் கூச்சம். இதை அவர்களாகக் கூட்டத்தில் எழுந்து சொல்ல மாட்டார்கள், தலையாட்டிவிட்டு அன்று காலை போனை அணைத்து வைப்பார்கள்.

செய்தியைக் குழுவில் போடாமல் ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனியாக அனுப்புங்கள். அண்ணன், அக்கா, சார், டீச்சர், மாமா என்று நேரில் எப்படி அழைப்பீர்களோ அப்படியே. அறுபது பேருக்கு அனுப்ப ஒரு மாலை போகும். கூகுள் ஃபார்ம் வைக்கலாமே என்பார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சரி, ஆனால் ஐம்பது தாண்டியவர்கள் பலர் அந்த இணைப்பைத் திறந்து, ஈமெயில் கேட்டதும் மூடிவிடுவார்கள். 'இ, ஈ, 3, 1' என்று நாலு எழுத்து தட்டுவது எல்லோருக்கும் முடியும். பதிலே போடாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை போன் செய்யுங்கள், செய்தியைப் பார்த்தீர்களா என்று கேட்காமல் நேராக "அக்கா, உங்களுக்குக் காலையா மதியமா?" என்று தொடங்குங்கள்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வேண்டுமென்றால் இந்தச் செய்தி செல்லாது. திட்ட அலுவலருக்கு உங்கள் மன்றத்தின் கடிதத் தாளில் முறையான கடிதம் கொடுக்க வேண்டும். எத்தனை மாணவர், எத்தனை மாணவியர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாப்பாடு யார் தருவது, மாணவியர் திரும்பிப் போக என்ன ஏற்பாடு, இவை அதில் இருக்க வேண்டும். அவர்களுக்கு வருடம் 120 மணி நேரச் சேவைக் கணக்கு இருக்கிறது, ஆகவே மணிக்கணக்கு எழுதிய சான்று தருவோம் என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, பதில்கள் வந்துவிட்டன. 28 பேர் ஒப்புக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். முதல் விருப்பத்தை மட்டும் எண்ணினால் இப்படி வரும்: பதிவு மேசை 13, வரிசை 4, கைத்தாங்கல் 3, சாப்பாடு 5, பஸ் 1, பெஞ்சு பந்தல் 2. மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்குத்தான் எப்போதும் கூட்டம். ஆறு பேர் போதுமான இடத்தில் 13 பேர், எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் மூன்று பேர்.

இரண்டாம் விருப்பம் கேட்டதன் பலன் இங்கேதான். பதிவு மேசை கேட்ட 13 பேரில் இரண்டாவதாக 3 என்று எழுதிய ஐந்து பேரைக் கைத்தாங்கலுக்கு மாற்றினால் அங்கே எட்டு நிறைந்துவிடும். மேசையில் மிச்சம் எட்டு. அதில் 'ஈ' நேரமும் கொடுத்திருக்கிற இரண்டு பேருக்குப் பஸ் வேலை. அங்கே ஏற்கெனவே இருப்பவரோடு மூன்று பேர், மேசையில் சரியாக ஆறு. சாப்பாட்டில் ஒருவர் கூடுதல், பெஞ்சு பந்தல் போடும் இருவருக்கும் ஞாயிற்றுக்கிழமை தனி வேலை இல்லை. இந்த மூன்று பேரும் அன்று கைமாற்று ஆட்கள். யாராவது ஒருவர் வராமல் போவது நிச்சயம் என்பதால் இவர்களை எந்த வேலையிலும் கட்டிப்போடாதீர்கள்.

எண்ணிக்கை பொருந்தினாலும் ஆள் பொருந்துகிறாரா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். பாட்டிமார்கள் அதிகம் வருவார்கள், கைத்தாங்கலுக்கு எட்டுப் பேரில் பாதியாவது பெண்கள் இருந்தால் நல்லது. பஸ் வேலைக்குப் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர் வேண்டும். ஆபரேஷன் என்றதும் "வீட்டில் கேட்காமல் எப்படி வருவேன்" என்று பின்வாங்குபவர்கள் உண்டு. வீட்டுக்குப் போன் போட்டு, எங்கே போகிறார், எப்போது திரும்புவார், மாற்றுத்துணியும் சாப்பிடுகிற மாத்திரைகளும் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிப் புரியவைப்பது அவர் வேலை. ஊரில் உருதுவோ தெலுங்கோ பேசும் தெரு இருந்தால் அந்த மொழி தெரிந்தவர் ஒருவர் பதிவு மேசையில் இருக்கட்டும். 'உ' என்று எழுதியவர்களில் வண்டி வைத்திருப்பவர்கள் யார் என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அங்கே நாலு பேராவது தேறாவிட்டால், கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

இவ்வளவும் கூட்டத்துக்கு முந்தைய இரவே பென்சிலில் முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு மணி நேரத்தில் கூட்டத்தை முடிக்க முடியும். பெரிய சார்ட் அட்டையில் நேரத்தை மேலேயும் வேலையைப் பக்கவாட்டிலும் எழுதி, பெயர்களைப் போட்டுச் சுவரில் ஒட்டிவிடுங்கள். வருபவர்கள் முதலில் தம் பெயரைத்தான் தேடுவார்கள். மாற்ற வேண்டுமென்பவர்கள் அங்கேயே சொல்லி மாற்றிக்கொள்ளட்டும். மன்றத் தலைவர் வரவேற்புரை, பொன்னாடை எல்லாம் முகாம் அன்றைக்கு இருக்கட்டும். காலியாக இருக்கும் கட்டங்களைக் காட்டி, "புதன் சாயங்காலத்துக்கு இன்னும் இரண்டு வண்டி வேண்டும்" என்று கேளுங்கள், கை தூக்குவார்கள். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாளர் ஒருவரை அங்கேயே முடிவு செய்துவிட்டால், முகாம் அன்று எல்லோரும் உங்களையே தேடி ஓடி வர மாட்டார்கள். நோயாளிகளைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்த இரவே ஒவ்வொருவருக்கும் தனியாக இரண்டு வரி அனுப்புங்கள்: "அக்கா, உங்களுக்கு 22 ஞாயிறு காலை 7 முதல் 11 வரை பதிவு மேசை, பள்ளி கிழக்கு வாசல். பொறுப்பாளர் (பெயர், நம்பர்). சரியா?" இதற்குக் கட்டை விரல் வந்தால் அதை நம்பலாம். பிப்ரவரி 20 வெள்ளிக்கிழமை இதே செய்தியை மறுபடி அனுப்புங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் வராத பெயர்களுக்குப் பக்கத்தில் அந்த மூன்று கைமாற்று ஆட்களில் ஒருவரின் பெயரை எழுதிக்கொண்டு, அவருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.